கேலி இல்லாத கடுதாசி

பிள்ளையார் சுழி போட்டாச்சா மாப்ள? போட்டாச்சுன்னா எழுதுங்க. நான் சொல்லச் சொல்ல அப்படியே எழுதணும். உங்க இஷ்டத்துக்கு நடுவுல "நலம் நலமறிய ஆவல்"னு சொருகக் கூடாது. பொறந்து ஒரு மாசம் ஆகாத பிள்ளைக்கிட்ட என்னத்த நலமறிய ஆவல்? பால் குடிச்சுச்சா, வெளிய போச்சா, அவ்வளவுதான் அதுக்கு நலம்.

ஏத்தா, என் கொள்ளுப்பேத்தி. உனக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியாது. தொட்டில்ல போடுறன்னைக்குத்தான் பேர் வப்பாங்களாம். அதுவரைக்கும் நான் உன்னைக் கத்திரிக்கான்னு சொல்லிக்கிறேன். உங்க தாத்தா, அதான் இத எழுதுற என் மருமகன், போன்ல படம் காட்டுனாரு. ஊதாத் துணியில சுத்தி, மண்டையில பச்சைக் குல்லா போட்டு, அசல் கத்திரிக்காதான்.

எழுதுங்க மாப்ள. ஏன் நிறுத்திட்டீங்க?

உங்க தாத்தா என்ன சொல்றாருன்னா, "அத்தை, சுகன்யா கண்டிசனா சொல்லிருக்கு. கடுதாசின்னா கொண்டு வாங்கப்பா, ஆனா அதுல ஒரு கேலி இருந்தாலும் வாசிக்க மாட்டேன், மடிச்சு உங்ககிட்டயே குடுத்துருவேன்னுச்சு"ங்கிறாரு.

சுகன்யான்னா உங்கம்மா. என் மக வயித்துப் பேத்தி. ஓசூர்ல கம்பெனியில பெரிய வேலை. என் போன் நம்பரை எடுக்காத மாதிரி ஏதோ பண்ணி வச்சுருக்கா. நான் அடிச்சா ஒரு பொம்பள இங்கிலீசுல பேசுறா. அவகிட்டயும் ரெண்டு தடவை பேசிப் பாத்தேன், அவ சொன்னதையே சொல்றா. அதனாலதான் கடுதாசி. நாளைக்கு உங்க தாத்தா தொட்டில் விசேசத்துக்கு பஸ் ஏறுறாரு. அவர் பை ஒண்ணுதான் அந்த வீட்டுக்குள்ள தடையில்லாம போகும்.

சரி. கேலி வேணாம். கத்திரிக்காய அடிச்சுருங்க மாப்ள. ஒரு கோடு போதும். பேனாவ வச்சு உழுகாதீங்க.

ஏத்தா, நான் உங்க அம்மாச்சியோட அம்மா. பேரு சீனியம்மாள். மூணாங் கிளாஸ் வரைக்கும் போனேன், கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸுல ஊர்ப் பேரை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள பஸ் போயிரும். திண்டுக்கல்லுல சினிமாக் கொட்டகையில முறுக்கு வித்தேன். உங்க பூட்டன், அதான் என் வீட்டுக்காரரு, அதே கொட்டகையில வாசல்ல டிக்கெட் கிழிச்சாரு. அவர் கிழிப்பாரு, நான் நொறுக்குவேன், குடும்பம் ஓடிச்சு.

இது கேலியில்ல மாப்ள, தொழிலு. எழுதுங்க.

இடைவேளைக்கு லைட்டப் போட்டா எல்லாப் பயலும் ஒண்ணுக்கு ஓடிருவான். அவனை நிப்பாட்டணும்னா சிரிக்க வைக்கணும். "அண்ணே, படம்தான் வளவளன்னு இருக்கு, முறுக்காவது மொறுமொறுன்னு இருக்கட்டும்"னா நின்னு வாங்கிட்டுத்தான் போவான். சிரிச்சவன் வாங்காமப் போனதில்ல. அந்த வாயாலதான் உங்க அம்மாச்சிய வளத்தேன், படிக்க வச்சேன், வத்தலகுண்டுல கரண்டு ஆபீஸ்ல லைன்மேன் வேலை பாக்குற ஒரு ஊமைக்குக் கட்டிக் குடுத்தேன். அந்த ஊமைதான் இப்ப எழுதிக்கிட்டு இருக்காரு. கம்பத்துல ஏறி நின்னாலும் இறங்குன்னு கீழ இருந்து நாம சொன்னாத்தான் இறங்குவாரு.

சிரிக்கிறாரு. ஆனா அடிக்கிறாரு. சிரிச்சுக்கிட்டே கோடு போடுறாரு பாரு.

உங்க அம்மாச்சி பேரு அம்சவேணி. அவளை நீ பாக்கல. பாத்திருக்க வேண்டியவ அவதான். முறைப்படி தலைப்பிரசவம் தாய் வீட்ல. உங்கம்மா வத்தலகுண்டுக்கு வந்துருக்கணும், அம்சா உன்னைக் கையில வாங்கிருக்கணும், பெத்தவளுக்குக் குடுக்கக் காய மருந்து இடிச்சுருக்கணும், வெந்நி ஊத்திருக்கணும். அவ இல்லைன்னா அடுத்தது நானு. என்னைக் கூப்பிடல. ஓசூர்லயே பாத்துக்கிட்டாங்க.

உங்க தாத்தா ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணப்ப நான் முதல்ல கேட்டது என்னான்னா, யாரு சேனை வச்சதுன்னுதான். சேனைன்னா, பிள்ளை பொறந்ததும் சீனித் தண்ணியத் தொட்டு நாக்குல வைக்கிறது. யாரு வைக்கிறாங்களோ அவங்க குணம் பிள்ளைக்கு வந்துரும். அதனால பாத்துதான் வைக்கச் சொல்லணும். என் மகளுக்கு அங்கதான் கோட்டை விட்டோம். அம்சா பொறந்தப்ப நான் மயக்கத்துல கெடந்தேன். என் நாத்தனா பொன்னுத்தாயி முந்திக்கிட்டுப் போய் விரலை வச்சுட்டா. பொன்னுத்தாயி எப்பேர்ப்பட்டவன்னா, புருசன் ஒரு நாள் குழம்புல உப்பு இல்லைன்னு சொன்னதுக்கு, அவர் சாகுற வரைக்கும் உப்பு டப்பாவத் தனியா இலை பக்கத்துல வச்சவ. அந்த வீம்பு அப்படியே என் மக நாக்குல இறங்கிருச்சு. பின்னாடி நடந்த அம்புட்டுக்கும் காரணம் அந்த ஒரு விரல்தான். என் மேல ஒரு தப்புமில்ல.

எழுதுங்க மாப்ள. என்ன என்னைப் பாக்குறீங்க? எழுதுங்க. "என் மேல ஒரு தப்புமில்ல."

நடந்ததச் சொல்றேன் கேளு. உங்கம்மாவுக்குக் கல்யாணம் ஆகி ஏழெட்டு வருசம் நீ வரல. எங்கெங்கயோ போனாங்க. ஊசி, மாத்திரை, மண்சோறு, எல்லாம். ஒரு பொங்கலுக்கு எல்லாரும் வத்தலகுண்டுல கூடியிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வந்து, "பேத்திக்கு விசேசம் எதுவும் உண்டா"ன்னு என்கிட்ட கேட்டா. உங்கம்மா பக்கத்துல உக்காந்து கரும்பு நறுக்கிக்கிட்டு இருந்தா. மூஞ்சி சுருங்கிருச்சு. எனக்குப் பொறுக்கல. சரி, சிரிக்க வச்சு ஆளை அனுப்பிருவோம்னு, "விசேசம் வரும்னுதான் தொட்டில் கயிறு வாங்கிப் பரண்ல போட்டு வச்சேன். அதுல எலி குட்டி போட்டுருச்சு. எங்க வீட்ல எலி முந்திக்கிருச்சு"ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்கத்தா. அந்தப் பக்கத்து வீட்டுக்காரி வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சா. உங்கம்மாவும் சிரிச்சா. நான் பாத்தேன். சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு உள்ள போனா, ரூம்புக் கதவைச் சாத்துனா. தூக்கம் வந்துருச்சு போலன்னு இருந்துட்டேன்.

அம்சா அடுப்படியில இருந்து வந்தா. கையில கரண்டி. பொங்கல் ஒட்டிக்கிட்டு இருக்கு. கத்தல, ஒண்ணுமில்ல. மெதுவாச் சொன்னா. "அம்மா, என் மக மடியில ஒரு பிள்ளை உக்கார்ற வரைக்கும் நான் உன்கிட்ட பேச மாட்டேன். அன்னைக்குப் பிள்ளையத் தூக்கிட்டு வந்து உன் வாசல்ல நின்னு பேசுறேன்."

பொன்னுத்தாயி விரல். பாத்தியா? அவளேதான் பேசுறா.

நானும் விடல. மாசம் ஒரு தடவை பஸ் ஏறிப் போயிருவேன். கவனிப்புல ஒரு கொறையும் வைக்க மாட்டா. எனக்குப் பிடிக்கும்னு சுரைக்காக் கூட்டு வைப்பா, பல்லு இல்லைன்னு சோத்தக் குழைய வடிப்பா. பேச்சு மட்டும் கிடையாது. நான் இங்கன உக்காந்துருப்பேன், அவ அங்கன நிப்பா, நடுவுல உங்க தாத்தா. "ஏங்க, உங்க அத்தைக்கு மோர் வேணுமான்னு கேளுங்க"ம்பா. இவர் என் பக்கம் திரும்பி, "அத்தை, மோர் வேணுமா"ம்பாரு. எனக்குக் காது நல்லாக் கேக்கும். இருந்தாலும் இவர் சொன்னப்புறம்தான் பதில் சொல்வேன். "வேணும்னு சொல்லுங்க மாப்ள. ஆனா உங்க பொண்டாட்டி மூஞ்சியவிடப் புளிப்பா இருந்தா வேணாம்"பேன். இவர் திரும்பி, "வேணுமாம்"னு பாதிய மட்டும் சொல்வாரு. ஆளு அப்பவே அடிக்கிற ஆளுதான்.

ஊருக்கு வந்துட்டா சாயந்தரம் போன் பண்ணுவேன். மகளுக்கு இல்ல, மருமகனுக்கு. அவ பேச மாட்டா, இவராலப் பேச முடியாது, ஆக நாந்தான் பேசுவேன். யாரு வீட்ல என்ன சண்டை, ரேசன்ல என்ன போட்டான், கொட்டகைய இடிச்சுட்டு என்ன கட்டுறான்னு பூராவும். இவர் "ம்"பாரு. அந்த "ம்"முக்கு ஒரு போனு.

அப்படியே வருசம் போச்சு. அப்புறம் அம்சாவுக்கு நெஞ்சுல வால்வு கெட்டுப் போச்சுன்னாங்க. மதுரையில ஆபரேசன். நான் வர்றேன்னேன். முடிஞ்சு வார்டுக்கு வந்ததும் வாங்க அத்தை, உள்ள ஒரு ஆளுதான் விடுவாங்கன்னாரு இவரு. ஆபரேசன் நல்லாத்தான் முடிஞ்சுதாம். ரெண்டு நாள் கழிச்சு மூச்சு நின்னு போச்சாம். என்னமோ காரணம் சொன்னாங்க. எனக்கு அது காதுல ஏறல.

தண்ணி எடுத்துக்கங்க மாப்ள. எனக்கில்ல, உங்களுக்கு. கண்ணத் தொடைங்க, எழுத்து மேல சொட்டுனா சுகன்யா நான் அழுதேன்னு நினைச்சுக்குவா.

இங்கதான் உங்கம்மா என்னை வெறுத்தது. இதக் கேட்டு நீயே ஞாயத்தச் சொல்லு. வத்தலகுண்டு வீட்டு முத்தத்துல பெஞ்சுல அம்சாவைப் படுக்க வச்சு, பொம்பளைங்க சேலைய மறைப்பாப் பிடிச்சுக் குளிப்பாட்டுறாங்க. சுமங்கலியாப் போனவ, மஞ்சள் பூசிப் பெருசாப் பொட்டு வச்சு விட்டாங்க. நான் தலைமாட்டுல நிக்கிறேன். அழுகை வரல. எனக்கு அழத் தெரியாதுத்தா. என் வீட்டுக்காரரு செத்தப்பவும் கண்ணுல தண்ணி வரல. வாய் மட்டும்தான் எனக்கு எப்பவும் வரும். அன்னைக்கும் அதுதான் வந்துச்சு. குனிஞ்சு அவ காதுகிட்டச் சொன்னேன். "அம்சா, ஜெயிச்சுட்டடி. பேச மாட்டேன்னு சொன்ன, சொன்னபடி நின்னுட்ட. போதும். நான் தோத்துட்டேன். எந்திரி."

காதோடதான் சொன்னேன். சத்தம் கொஞ்சம் கூடிருச்சு போல. கொட்டகையில கத்தி விட்டத்த எட்டுன தொண்டை, அதுக்கு மெதுவாப் பேச வராது. சேலையப் பிடிச்சுக்கிட்டு நின்னவள்ல எவளோ ஒருத்தி களுக்குன்னு சிரிச்சுட்டா. உங்கம்மா நிமிந்து பாத்தா. "அம்மாச்சி, வெளிய போங்க"ன்னா. "இப்பவும் உங்களுக்குக் கேலிதானா? வெளிய போங்க."

போயிட்டேன். ஆம்பளைங்க உக்காந்துருந்த பந்தல்ல ஒரு சேர்ல உக்காந்துக்கிட்டேன். வாய்க்கரிசி போட எல்லாரையும் கூப்பிட்டாங்க. பெத்தவளைக் கூப்பிடல. அந்த வாய்க்கு முதச் சோறு ஊட்டுனது நாந்தான். கடைசி அரிசி போடத்தான் விடல.

என்ன மாப்ள? இதையும் அடிக்கணுமா?

"இல்லத்தை"ங்கிறாரு. "இதுல கேலி இல்ல"ங்கிறாரு.

சரி. அதவிடு. அம்சா போன மூணாம் மாசம் உங்கம்மா முழுகாம இருக்கான்னு சேதி வந்துச்சு. என்கிட்ட சொல்லல, ஊரே சொல்லிச்சு. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? இனிமே பேசலாமே, கெடு முடிஞ்சுதேன்னு நினைச்சேன். பேச வேண்டியவ இல்லைங்கிறது அதுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. நாள் முழுக்க வாசல்லயே உக்காந்துருந்தேன், யாரோ வரப் போற மாதிரி.

இப்ப நீ வந்துட்ட. உங்கம்மா மடியில உக்கார்ற. அம்சா சொன்ன நாள் இதுதான். பிள்ளையத் தூக்கிட்டு வந்து என் வாசல்ல நிக்கிறேன்னா. அவ வரல. அவளுக்காக யாராவது பேசணும்ல? நானும் போயிட்டா இந்தப் பேசாம இருக்கிறது அப்படியே தங்கிரும், உன் தலையில வந்து விடியும். உங்கம்மா என்கிட்ட பேசலைன்னா போகுது. எனக்கென்ன, எண்பது தாண்டியாச்சு, பேச ஆளில்லைன்னா செவுத்தோட பேசுவேன், செவுரும் இவர் மாதிரி "ம்"முன்னு இருக்கும். ஆனா உங்கம்மா ஒரு நாள் உன்கிட்ட கோவிச்சுக்கிட்டு வாயப் பூட்டுனான்னா நீ என்ன பண்ணுவ?

ஒண்ணு சொல்றேன், இது கேலியில்ல. யாரு சேனை வச்சதுன்னு கேட்டேன்ல? யாரும் வைக்கலையாம். நர்சம்மா சீனித் தண்ணி கூடவே கூடாது, தாய்ப்பால் மட்டும்தான்னு சொல்லிட்டாங்களாம். முதல்ல எனக்கு ஆத்திரம். அப்புறம் யோசிச்சேன். நல்லதுதான். பொன்னுத்தாயி விரலும் இல்ல, என் விரலும் இல்ல. உங்கம்மாவுக்கு நாந்தான் சேனை வச்சேன், என்னை மாதிரி கலகலன்னு வருவான்னு பாத்தேன், அது எடுபடல. உன் நாக்குல யாரு குணமும் ஏறல. நீ புதுசு. உன் இஷ்டத்துக்குப் பேசு.

அம்புட்டுதான். முடிங்க மாப்ள. நாலு மூலையிலயும் மஞ்சளைத் தடவுங்க, சுப காரியத்துக்குப் போற கடுதாசி. நான் தொடக் கூடாது, தாலி அறுத்தவ. நீங்க தடவலாம். பொண்டாட்டி செத்த ஆம்பளைக்கு மஞ்சளும் தடையில்ல, ஒரு மண்ணும் தடையில்ல. இத எழுதாதீங்க.

மாப்ள? ஏன் பேனாவ மூடுறீங்க?

இருத்தா. உங்க தாத்தா என்னமோ சொல்லணுங்கிறாரு. கல்யாணமாகி இத்தனை வருசத்துல இவரா ஒண்ணு சொல்லணும்னு சொல்லி நான் கேட்டதே இல்ல.

"அத்தை, நீங்க சாயந்தரம் போன் பண்ணுவீங்கள்ல, நான் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் கேப்பேன்"ங்கிறாரு. "அவதான் போடச் சொன்னா. பக்கத்துல உக்காந்து அரிசி பொறுக்குவா, பூண்டு உரிப்பா. உங்க போன் வர லேட்டானா மணியப் பாப்பா"ங்கிறாரு.

பொய்யி. மாப்ள, பொய் சொல்லாதீங்க. உங்களுக்கு அதுக்கும் சாமர்த்தியம் பத்தாது.

"நெசமாத்தை. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. பிள்ளை பொறந்ததும் நானே எங்கம்மாகிட்ட சொல்லிக்கிறேன்னா. இன்னைக்கு நீங்க பிள்ளைக்குச் சொல்லும்போது இனிமே மறைக்கக் கூடாதுன்னு தோணிருச்சு. ஆபரேசனுக்கு முதல் நாள் சாயந்தரம் நீங்க பேசுனீங்கள்ல? அன்னைக்கு என்கிட்ட இருந்து போனை அவ வாங்கிக்கிட்டா. ஸ்பீக்கர் போடல. காதுல வச்சுக்கிட்டா"ங்கிறாரு.

அன்னைக்கு "ம்" வரலையேன்னு நான் கேட்டேனே. "என்ன மாப்ள, ம்முக்கும் காசு வாங்குறாங்களா மதுரையில"ன்னு கேட்டேனே. ரொம்ப நேரம் பேசுனேனே.

என்ன பேசுனேன் மாப்ள அன்னைக்கு?

"தெரியல அத்தை. போன் அவ காதுல இருந்துச்சு"ங்கிறாரு.

எனக்கும் தெரியலத்தா. நான் என்னைக்கு என்ன பேசுனேன்னு யாருக்குத் தெரியும்? வாயில வந்தது அம்புட்டும் பேசுவேன், காத்துல விட்டுருவேன். அவளைப் பத்தி ஏதாவது சொல்லியிருப்பேன். "அந்த உம்மணாமூஞ்சி எப்படி இருக்கு"ன்னு கேட்டுருப்பேன். தினம் அப்படித்தானே கேப்பேன். நல்லதா ஒரு வார்த்தை சொன்னேனா? சீக்கிரம் வந்துரும்மான்னு சொன்னேனா? மருமகன்னு நினைச்சுல்ல பேசுனேன், மருமகன்கிட்ட யாரு அப்படிச் சொல்லுவா? யோசிக்கிறேன், யோசிக்கிறேன், ஒரு சொல்லு வரமாட்டேங்குது. எம் மக கடைசியா என்கிட்ட கேட்டுட்டுப் போனது என்னான்னு எனக்கே தெரியல.

சிரிச்சாளா மாப்ள?

"ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துருந்தா அத்தை. எனக்கு முதுகுதான் தெரிஞ்சுச்சு. குலுங்குச்சு. வச்சதுக்கு அப்புறம் மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு, தூங்கப் போறேன்னுட்டா"ங்கிறாரு.

குலுங்குச்சுன்னா? சிரிச்சாலும் குலுங்கும், அழுதாலும் குலுங்கும். எதுன்னு உங்களுக்குத் தெரியாதா? இத்தனை வருசம் கூட இருந்த மனுசன்தானே?

தலைய ஆட்டுறாரு. தெரியலையாம்.

பேனாவத் தொறங்க. எழுதுங்க. "உங்க அம்மாச்சி ஆபரேசனுக்கு முதல் நாள் என் பேச்சக் கேட்டுச் சிரிச்சா." எழுதுங்க மாப்ள. சிரிச்சான்னே எழுதுங்க. என் பேச்சக் கேட்டு யாரும் அழுததில்ல.

எழுத மாட்டேங்கிறாரு.

சரி. உங்களுக்குத் தெரிஞ்சத எழுதுங்க. முதுகு குலுங்குச்சுன்னு எழுதுங்க. பச்சப்பிள்ளைக்கிட்ட பொய் வேணாம்.

ஏத்தா, உங்கம்மா அந்த முதுகைக் கட்டிக்கிட்டுப் படுத்து வளந்தவ. சிரிச்சா எப்படிக் குலுங்கும், அழுதா எப்படிக் குலுங்கும்னு எனக்கும் தெரியாதது, இவருக்கும் தெரியாதது அவளுக்குத் தெரியும். நீ பேச வந்ததும் அவகிட்டக் கேளு. எதுவா இருந்தாலும் பரவால்ல, எனக்கு ஒரு வரி சொல்லியனுப்பச் சொல்லு. நான் இருந்தா கேட்டுக்கிறேன்.

குடுங்க மாப்ள, கையெழுத்து நான் போடுறேன். எங்க போடணும்? இங்கனயா? கொஞ்சம் தாளைப் பிடிங்க.